குரல் போகாமல் கேப்ஷனைச் சுருக்குவது: ஒரு கூழ் வடாம் பாடம்

சின்னக் கடைகளுக்கும், வீட்டிலிருந்தே வியாபாரம் செய்கிறவர்களுக்கும் சமூக வலைத்தளப் பதிவுகள் எழுதிக் கொடுக்கும் வேலைக்குச் சென்னையில் இப்போது நிறையப் பேர் புதிதாக வருகிறார்கள். அவர்களில் பலரிடம் ஒரே பழக்கத்தைப் பார்க்கிறேன். இன்ஸ்டாவுக்கு நல்லதாக ஒரு கேப்ஷன் எழுதுவார்கள். அது எக்ஸில் நுழையாது. உடனே வாக்கியத்துக்கு ஒரு சொல், இரண்டு சொல் என்று சுரண்ட ஆரம்பிப்பார்கள். 'தான்' போகும், 'ஏ' போகும், வினைச்சொல் போகும். கடைசியில் அளவு சரியாக வந்துவிடும். ஆனால் படித்தால் ரேஷன் கடைப் பலகையில் எழுதிப் போட்ட மாதிரி இருக்கும்.

நான் சொல்லும் வழி இதற்கு நேர் எதிர். சொல்லைச் சுரண்டாதீர்கள், வாக்கியத்தை முழுசாகத் தூக்குங்கள். மிச்சம் இருக்கிற வாக்கியங்களை அவர் சொன்ன மாதிரியே விடுங்கள். ஒரே ஒரு கேப்ஷனை எடுத்துக்கொண்டு இதைக் கடைசிவரை செய்து பார்ப்போம்.

முதலில் முழு நீளத்தில் எழுதுங்கள், அவர் பேச்சில்

மேற்கு மாம்பலத்தில் வடாம், அப்பளம் போட்டு விற்கும் ஓர் அம்மா என்று வைத்துக்கொள்வோம். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கூழ் வடாம் போட்டிருக்கிறார். அவருக்காக நீங்கள் கேப்ஷன் எழுத வேண்டும். உட்கார்ந்து யோசித்து எழுதாதீர்கள். அவரைப் பேசவிட்டு போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். "என்னம்மா, இந்த வாட்டி எப்படி வந்திருக்கு?" என்று கேட்டால் போதும், பத்து நிமிடத்தில் தேவையானது எல்லாம் வந்துவிடும். அதிலிருந்து எடுத்து ஒழுங்குபடுத்தியதுதான் கீழே இருப்பது. வாக்கியத்துக்கு ஒரு வரியாகப் போட்டிருக்கிறேன். வரி முடிவில் இருக்கும் எண், நிறுத்தற்குறிகளையும் இடைவெளிகளையும் சேர்த்து அந்த வரி எத்தனை எழுத்து என்பது.

> மாடியில நாலு நாளா நல்ல வெயில். — 30
> கூழ் வடாம் காஞ்சிடுச்சு! — 24
> பச்சரிசி, ஜவ்வரிசி, பச்சை மிளகாய், பெருங்காயம், எலுமிச்சை, உப்பு. அவ்வளவுதான். — 78
> சோடா போட்டா நல்லாப் பூக்கும், ஆனா எண்ணெயைக் குடிச்சிடும். அதனால போடறதே இல்ல. — 76
> வானத்துல மேகம் தெரிஞ்சா அன்னைக்குக் கூழே கிண்ட மாட்டோம். — 56
> கால் கிலோ 120 ரூபாய். — 21
> மேற்கு மாம்பலத்துல இருக்கறவங்க வீட்டுக்கே வந்து வாங்கிக்கலாம், மத்தவங்களுக்குக் கூரியர்ல அனுப்பறோம். — 100
> வேணுங்கறவங்க வாட்ஸப்ல சொல்லுங்க. — 32
> இந்த வாட்டி இருபது கிலோதான். தீர்ந்தா அடுத்த வெயிலுக்குத்தான். — 62

எல்லாவற்றையும் இடைவெளி விட்டு ஒன்றாகச் சேர்த்தால் 487. இந்த வரி வரியான பட்டியல்தான் உங்கள் மூலப் பிரதி. கூகுள் ஷீட்டில் ஒரு பத்தியில் வரியும் பக்கத்துப் பத்தியில் எண்ணும் இருந்தால் இன்னும் வசதி. இனி எந்தத் தளத்துக்கு வேண்டுமானாலும் இங்கிருந்து பொறுக்கி எடுப்பதுதான் வேலை. எக்ஸுக்குச் சுருக்கியதை வைத்து எஸ்எம்எஸ்ஸுக்குச் சுருக்கக் கூடாது. நகலுக்கு நகல் எடுத்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அவர் குறைந்து கொஞ்சம் நீங்கள் கூடிவிடுவீர்கள்.

தமிழில் எண்ணிக்கை எப்படி ஓடுகிறது

மேலே போட்ட எண்ணைப் பார்த்துச் சிலருக்குச் சந்தேகம் வந்திருக்கும். 'காஞ்சிடுச்சு' என்பது கண்ணுக்கு ஆறு எழுத்துதானே? கணினிக்கு அது பன்னிரண்டு. தமிழில் அ, இ மாதிரி உயிரெழுத்தும், க, ச, ட மாதிரி அகரம் ஏறிய எழுத்தும் மட்டும்தான் ஒன்றாக எண்ணப்படும். புள்ளி வைத்தாலோ, கொம்போ காலோ விசிறியோ சேர்ந்தாலோ அது தனியாக இன்னொன்று. ஆகவே 'கா' இரண்டு, 'ஞ்' இரண்டு, 'சி' இரண்டு. 'தமிழ்' என்று எழுதினால் கண்ணுக்கு மூன்று, கணினிக்கு ஐந்து. பைத்தான் தெரிந்தவர்கள் ஒரே வரியில் சோதித்துக்கொள்ளலாம்:

```python
print(len("தமிழ்"))   # 5
```

தெரியாவிட்டாலும் பாதகம் இல்லை. இணையத்தில் கிடைக்கும் எழுத்து எண்ணியில் எதையாவது எடுத்து 'தமிழ்' என்று ஒட்டுங்கள். 5 காட்டினால் அதை நம்பலாம். 3 காட்டினால் அது கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுகிறது என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டு எக்ஸுக்கு எழுதினால் கடைசி நேரத்தில் நுழையாது.

இந்தக் கணக்கில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. குரலைத் தாங்கும் சின்ன ஒட்டுகள் பல இலவசம். 'கூழ் கிண்ட மாட்டோம்' என்பதையும் 'கூழே கிண்ட மாட்டோம்' என்பதையும் எண்ணிப் பாருங்கள், இரண்டும் ஒரே அளவுதான். ழ-வின் மேல் இருந்த புள்ளி போய் அந்த இடத்தில் ஏகாரக் கொம்பு வந்திருக்கிறது, அவ்வளவுதான். 'போடறது இல்ல', 'போடறதே இல்ல' என்பதும் அப்படியே. சுருக்குகிறேன் என்று முதலில் கை வைக்கிற இடம் இந்த ஏகாரம். அதை வெட்டினால் ஓர் எழுத்துகூட மிச்சமாகாது, ஆனால் அந்த அம்மாவின் பிடிவாதம் மொத்தமும் போய்விடும்.

'தான்' அப்படி இலவசம் இல்லை. 'வெயிலுக்கு' பத்து, 'வெயிலுக்குத்தான்' பதினாறு. ஆறு எழுத்துச் செலவு. அந்தச் செலவைச் செய்யலாமா என்பது அந்த வாக்கியத்தில் அது என்ன வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது. "தீர்ந்தா அடுத்த வெயிலுக்கு" என்றால் ஒரு தகவல். "தீர்ந்தா அடுத்த வெயிலுக்குத்தான்" என்றால் அவர் கையை விரித்துச் சொல்வது கேட்கிறது. நான் என்றால் ஆறு எழுத்தைக் கொடுத்துவிடுவேன்.

குரல் எந்த வரியில் இருக்கிறது என்று குறியுங்கள்

பட்டியலைத் திரும்பப் பாருங்கள். விலை, கூரியர், வாட்ஸப் மூன்றும் யார் எழுதினாலும் ஏறக்குறைய இப்படித்தான் வரும். மாம்பலத்தில் இன்னும் பத்துப் பேர் வடாம் போடுகிறார்கள் என்றால் அந்தப் பத்துப் பேரும் இதைச் சொல்லலாம். ஆனால் "வானத்துல மேகம் தெரிஞ்சா அன்னைக்குக் கூழே கிண்ட மாட்டோம்" என்பதை இந்த அம்மாதான் சொல்ல முடியும். "தீர்ந்தா அடுத்த வெயிலுக்குத்தான்" என்பதும் அப்படியே. சோடா வரியும் அவருடையது. இந்த மூன்றுக்கும் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுக்கொள்ளுங்கள்.

எது குரல் வரி என்று கண்டுபிடிக்கக் குழப்பமாக இருந்தால் ஒரு வழி: அந்த வரியைப் போட்டிக் கடையின் பெயரில் படித்துப் பாருங்கள். அப்படியே பொருந்தினால் அது செய்தி வரி. உறுத்தினால் குரல் வரி. பொதுவாக, ஒருவர் தான் செய்யாததைச் சொல்லும் இடத்தில் குரல் அதிகமாக இருக்கும். இங்கே மூன்று நட்சத்திரத்தில் இரண்டு அப்படித்தான் அமைந்திருக்கிறது.

சட்டம் ஒன்றே ஒன்று. எவ்வளவு சின்ன இடமாக இருந்தாலும் நட்சத்திர வரி ஒன்றாவது முழுசாக, ஓர் எழுத்து குறையாமல் உள்ளே இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்ஸ்டா: வெட்ட வேண்டாம், வரிசையை மாற்றுங்கள்

இன்ஸ்டாகிராம் கேப்ஷனுக்கு 2,200 எழுத்து வரை இடம் உண்டு. நம் 487 தாராளமாகப் போகும். அதனால் இங்கே சுருக்குகிற வேலையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. படத்துக்குக் கீழே முதல் ஒன்றிரண்டு வரி மட்டும்தான் தெரியும், பிறகு மூன்று புள்ளி வந்து மீதியை மறைத்துவிடும். அந்த எல்லை சுமார் 125 எழுத்து என்று இந்தத் தொழிலில் பரவலாகச் சொல்வார்கள். உண்மையில் அது போனின் அகலத்தையும் எழுத்தின் அளவையும் பொறுத்தது. தமிழ் எழுத்து அகலமானது என்பதால் இன்னும் முன்னாலேயே மறையலாம். பதிவைப் போட்டதும் வேறொரு போனில் திறந்து பார்த்துவிடுங்கள்.

மூலப் பிரதியை அப்படியே போட்டால் மறையாமல் தெரிவது வெயில், வடாம், அப்புறம் பச்சரிசி, ஜவ்வரிசி என்று ஒரு மளிகைப் பட்டியல். நட்சத்திர வரி மூன்றும் மறைவுக்குப் பின்னால் போய்விடும். ஆகவே கடைசி வரியை மேலே கொண்டுவருகிறோம்:

> மாடியில நாலு நாளா நல்ல வெயில். கூழ் வடாம் காஞ்சிடுச்சு! இந்த வாட்டி இருபது கிலோதான். தீர்ந்தா அடுத்த வெயிலுக்குத்தான்.

இது 118. இதற்குக் கீழே ஒரு வரி விட்டு மீதியைப் பழைய வரிசையிலேயே தொடரலாம். ஒன்று கவனியுங்கள்: இன்ஸ்டா கேப்ஷனில் போடும் இணைப்பு தட்டினால் திறக்காது. ஆகவே வாட்ஸப் இணைப்பை முகப்புக் குறிப்பில் போட்டுவிட்டு, கேப்ஷனில் "வாட்ஸப்ல சொல்லுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

திரெட்ஸில் ஒரு பதிவுக்கு 500. நம்முடையது 487 என்பதால் வரிசை மாற்றியதையே அங்கும் ஒட்டலாம். ஆனால் அங்கே 13 எழுத்துதான் மிச்சம், ஹேஷ்டேக் ஆசை இருந்தால் மூலப்பொருள் வரியை எடுத்துவிடுங்கள்.

எக்ஸ்: 280-க்குள் எதை விடுவது

எக்ஸில் கட்டணம் கட்டாத கணக்குக்கு 280 எழுத்து. 2017 நவம்பரில் 140-ஐ இரட்டிப்பாக்கியதிலிருந்து இதுதான் அளவு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ஒன்று. ஈமோஜி ஒவ்வொன்றும் இரண்டு. இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும், குட்டையாக இருந்தாலும் 23. வாட்ஸப்புக்கு நேராகப் போகும் `https://wa.me/91` என்று தொடங்கி எண்ணோடு முடியும் இணைப்பு எழுதினால் 26 எழுத்து வரும், ஆனால் 23 என்றுதான் கழிப்பார்கள். ஆகவே இணைப்பைச் சுருக்கித் தரும் சேவைகளைத் தேடிப் போக வேண்டியதில்லை.

முதலில் 23-ஐக் கழித்துவிடுவோம். அதோடு "வாட்ஸப்ல சொல்லுங்க:" என்று 19. இவை போனால் 230-க்குக் கொஞ்சம் மேலே மிச்சம். வெயில், காஞ்சிடுச்சு, மேகம், விலை, இருபது கிலோ ஆகிய வரிகளை எடுத்தால் இடைவெளியோடு 197. இணைப்புப் பகுதியையும் சேர்த்தால் 241. மூலப்பொருள், சோடா, கூரியர் மூன்றும் முழுசாகப் போய்விட்டன.

இங்கேதான் கை அரிக்கும். இன்னும் 39 எழுத்து இருக்கிறதே, சோடா விஷயத்தைச் சின்னதாக நுழைத்துவிடலாமே என்று தோன்றும். "சோடா போடறதே இல்ல." பதினேழுதான், தாராளமாக நுழையும். வேண்டாம். அந்த வரியின் சுவையே, சோடா போட்டால் நன்றாகப் பூக்கும் என்று அவர் முதலில் ஒப்புக்கொள்வதில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு முடிவை மட்டும் வைத்தால் பாக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்த வாசகம் ஆகிவிடும். முழு வரியைப் போட்டால் 318, இடமில்லை. ஆகவே முழுசாக வெளியே. நாளைக்கு அதை வைத்தே தனியாக ஒரு பதிவு போடலாம், அந்த வரிக்கு அவ்வளவு தகுதி இருக்கிறது.

அந்த 39-ஐ வேறொன்றுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எக்ஸில் பதிவு ரீபோஸ்ட் ஆகி எங்கெங்கோ போகும். படிக்கிறவருக்கு இது எந்த ஊர் என்றே தெரியாது. இடம் கட்டாயம் வேண்டும். ஆனால் மூலத்தில் இடம் இருக்கிற வரி 100 எழுத்து. அதைச் சுரண்டிச் சுரண்டி "மேற்கு மாம்பலம் நேரில் / மற்றவர்க்கு கூரியர்" என்று ஆக்கக் கூடாது. அந்த வரியை மறந்துவிட்டு, அந்த அம்மா இதை ஒரே மூச்சில் எப்படிச் சொல்வார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். "மாம்பலம் வந்தும் வாங்கிக்கலாம்." 31 எழுத்து. 'வந்தும்' என்ற உம்மையில், வராமலும் வாங்கலாம் என்பது அடங்கிவிட்டது; கூரியர் விவரத்தை வாட்ஸப்பில் கேட்டுக்கொள்வார்கள். இதுவும் சுருக்குதல்தான், ஆனால் பழைய வாக்கியத்தை வெட்டியது இல்லை, குட்டையாகப் புதிதாகச் சொன்னது.

> மாடியில நாலு நாளா நல்ல வெயில். கூழ் வடாம் காஞ்சிடுச்சு! வானத்துல மேகம் தெரிஞ்சா அன்னைக்குக் கூழே கிண்ட மாட்டோம். கால் கிலோ 120 ரூபாய். மாம்பலம் வந்தும் வாங்கிக்கலாம். இந்த வாட்டி இருபது கிலோதான். தீர்ந்தா அடுத்த வெயிலுக்குத்தான். வாட்ஸப்ல சொல்லுங்க: (இங்கே இணைப்பு)

மொத்தம் 273. ஒரு ஈமோஜிக்கு இடம் இருக்கிறது, போட்டே ஆக வேண்டும் என்றில்லை.

இதைச் சுரண்டிச் செய்திருந்தால் எப்படி வந்திருக்கும் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: "கூழ் வடாம் ரெடி. பச்சரிசி, ஜவ்வரிசி. சோடா இல்லை. கால் கிலோ ₹120. 20 கிலோ மட்டும். மாம்பலம் நேரில், வெளியூர் கூரியர்." முக்கியமான செய்தி பெரும்பாலும் வந்துவிட்டது, 280-ல் பாதிகூட ஆகவில்லை. ஆனால் இதைப் பேசுவது யார்? யாரும் இல்லை. ஒற்றை 'இல்லை' தவிர ஒரு வாக்கியத்திலும் வினை கிடையாது என்பதைக் கவனியுங்கள். தமிழில் பேசுகிறவர் யார், எதிரே இருப்பவரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதெல்லாம் வினைமுற்றின் வாலில்தான் இருக்கிறது. 'மாட்டோம்', 'சொல்லுங்க' போனால் ஆளும் போய்விடுவார். சுருக்கிய பதிவில் வினைமுற்று ஒன்றுமே இல்லையென்றால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எஸ்எம்எஸ்: எழுபதே எழுத்து

வாட்ஸப் பார்க்காத பழைய வாடிக்கையாளர்கள் இந்த மாதிரி வியாபாரத்தில் கணிசமாக இருப்பார்கள். அந்த அம்மா தன் போனிலிருந்தே அவர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவார். ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு எஸ்எம்எஸ் 160. உள்ளே ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தால்கூட மொத்தச் செய்தியும் யூனிகோடுக்கு மாறி 70 ஆகிவிடும். 71 ஆனால் இரண்டாக உடையும். உடைந்த ஒவ்வொரு துண்டுக்கும் 67 தான், மீதி இடம் துண்டுகளை ஒட்டவைக்கும் குறிப்புக்குப் போய்விடும். காசும் இரண்டு எஸ்எம்எஸ்ஸுக்கு.

எழுபதில் நட்சத்திர வரி ஒன்று, செய்தி ஒன்று, அவ்வளவுதான் நிற்கும். காஞ்சிடுச்சு வரி 24, தீர்ந்தா வரி 33, நடுவில் இடைவெளி ஒன்று. 58. விலையையும் சேர்த்தால் என்ன? 'கால்கிலோ 120' என்று இடைவெளியைக்கூட விழுங்கி எழுதினாலும் 71 வருகிறது. ஒரே ஓர் எழுத்து அதிகம். இந்த இடத்தில் பத்தில் ஒன்பது பேர் 'தான்'-ஐ வெட்டுவார்கள். வெட்டினால் நுழைந்துவிடும்தான். ஆனால் இது போகிற ஆட்கள் யார்? வருஷா வருஷம் வாங்குகிறவர்கள். விலை எவ்வளவு என்று அவர்களே போன் பண்ணிக் கேட்பார்கள், அந்த போன்தான் நமக்கும் வேண்டியது. விலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் யார் அனுப்பினார்கள் என்பதற்கு ஒரு சொல் போடலாம், ஏனென்றால் எல்லோரும் எண்ணைச் சேமித்து வைத்திருக்க மாட்டார்கள்:

> கூழ் வடாம் காஞ்சிடுச்சு! தீர்ந்தா அடுத்த வெயிலுக்குத்தான் - மாம்பலம்

68. இங்கே ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். 'தீர்ந்தா' என்ற சொல் மூலத்தில் 'இருபது கிலோதான்' என்பதைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த வரி இப்போது இல்லை. ஆனாலும் வடாம்தான் தீரும் என்பது புரிகிறது, ஆகவே பிழைத்தோம். எல்லா முறையும் அப்படி அமையாது. வாக்கியத்தை முழுசாகத் தூக்கும் இந்த முறையில் அடிக்கடி வரும் தொல்லை இதுதான்: 'அதனால', 'ஆனா', 'மத்தவங்களுக்கு', 'அது' மாதிரியான சொற்கள், முன்னால் இருந்த வரி போனதும் அந்தரத்தில் தொங்கும். ஒவ்வொரு பதிப்பையும் முடித்ததும் இந்தச் சொற்களை மட்டும் தேடி, எதைப் பிடித்திருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள்.

(கடைக்காக மொத்தமாக ஆயிரக்கணக்கில் அனுப்பும் எஸ்எம்எஸ் வேறு கதை. இந்தியாவில் அதற்கு வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். இங்கே சொல்வது ஒருவர் தன் போனிலிருந்து தெரிந்தவர்களுக்கு அனுப்புவதைப் பற்றி.)

ஸ்டேட்டஸும் ஷார்ட்ஸும்

வாட்ஸப் ஸ்டேட்டஸில் எழுத்து மட்டும் போடுவதென்றால் 700 வரை போகும். ஆனால் ஸ்டேட்டஸை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை, கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போவார்கள். படம் போட்டு, எஸ்எம்எஸ்ஸுக்கு எழுதிய அதே இரண்டு வரியைப் போதுமான பெரிய எழுத்தில் வையுங்கள். 'மாம்பலம்' தேவையில்லை, பார்க்கிறவர்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்கள். 'வாட்ஸப்ல சொல்லுங்க' என்பதை இங்கே போடுவது வேடிக்கையாக இருக்கும், அவர்கள் வாட்ஸப்பில்தான் இருக்கிறார்கள். தளமே சொல்லிவிடும் விஷயத்தைக் கேப்ஷனில் திரும்பச் சொல்வதுதான் வெட்டுவதற்கு மிகச் சுலபமான இடம்.

யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்து. ஷார்ட்ஸில் கூழ் கிண்டுவதையும் பிழிவதையும் காட்டுகிறீர்கள் என்றால் விலையும் கிலோவும் அங்கே எடுபடாது. மேக வரியை அப்படியே தலைப்பாக்குங்கள்:

> வானத்துல மேகம் தெரிஞ்சா அன்னைக்குக் கூழே கிண்ட மாட்டோம் | கூழ் வடாம்

68. கடைசியில் இருக்கும் 'கூழ் வடாம்' தேடுகிறவர்களுக்காக. தேடுபொறிக்கு வேண்டிய சொல்லை வாக்கியத்துக்குள் திணிக்காமல் இப்படி வெளியே நிறுத்திவிட்டால் குரல் வரிக்குச் சேதம் வராது.

எங்கே தாராளமாகக் கை வைக்கலாம்

வாய்விட்டுப் படித்தால் வித்தியாசமே தெரியாத மாற்றங்கள் சில உண்டு. '120 ரூபாய்' பத்து எழுத்து, '₹120' நான்கு. இரண்டையும் ஒரே மாதிரிதான் படிப்போம். 'இருபது' ஆறு, '20' இரண்டு. இந்தக் கேப்ஷனில் இவை இரண்டையும் மாற்றினால் பத்து எழுத்து மிச்சம்; எக்ஸில் ₹ இரண்டாக எண்ணப்படும் என்பதால் அங்கே ஒன்பது. இடம் நெருக்கினால் மட்டும் செய்யுங்கள். பேச்சு நடையில் எழுத்தால் எழுதிய எண் கண்ணுக்கு இன்னும் இயல்பாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

கை வைக்கக் கூடாத இடம் எழுத்துக்கூட்டல். 'மாடியில' என்று ஒரு தளத்திலும் 'மாடியில்' என்று இன்னொன்றிலும் இருந்தால் இரண்டு ஆள் எழுதியது போல் ஆகிவிடும். போன் கீபோர்டின் தானியங்கித் திருத்தம் இதை நமக்குத் தெரியாமலே செய்யும். 'இல்ல' என்பதை 'இல்லை' ஆக்கும், 'அன்னைக்கு' என்பதை 'அன்றைக்கு' ஆக்கும். தமிழுக்கு அதை அணைத்து வைப்பது நல்லது. மூலப் பிரதிக்குக் கீழேயே அவர் வாய்ச்சொற்களுக்கு ஒரு சின்னப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: இல்ல, அன்னைக்கு, மத்தவங்க, வாட்டி. இவர் 'தடவை' என்று சொல்வதில்லை, 'வாட்டி' என்றுதான் சொல்வார். 'தடவ' என்று எழுதினால் மூன்று எழுத்து மிச்சமாகும், இருந்தாலும் வேண்டாம்.

எல்லாக் கடைக்கும் பேச்சு நடை கிடையாது. திருவல்லிக்கேணியில் ஒரு பழைய புத்தகக் கடை, முதலாளி தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பதிவு எழுத்து நடையில்தான் இருக்கும். அங்கே இடம் போதவில்லை என்று 'வேண்டும்' என்பதை 'வேணும்' ஆக்கினால் இரண்டு எழுத்து கிடைக்கும், கடைக்காரர் காணாமல் போவார். எழுத்து நடைக்குள்ளேயே குறைக்க வழி இருக்கிறது. 'வெளியிடப்பட்டுள்ளது' 19 எழுத்து. 'வெளிவந்தது' 10. முன்னதைவிடப் பின்னது நல்ல தமிழாகவும் இருக்கிறது. 'பட்டுள்ளது', 'கொண்டிருக்கிறது' என்று வால் நீண்ட வினைகளைத் தேடி அவற்றை நேரான வினையாக்கினாலே பாதிப் பதிவுகள் எக்ஸுக்குள் வந்துவிடும்.

அவரிடமே படித்துக் காட்டுங்கள்

எல்லாப் பதிப்பும் தயாரானதும், போடுவதற்கு முன், போன் போட்டு அந்த அம்மாவிடமே படித்துக் காட்டுங்கள். நீளமானதை இல்லை, எஸ்எம்எஸ்ஸையும் எக்ஸ் பதிவையும் மட்டும். "நான் இப்படிச் சொல்லமாட்டேனேப்பா" என்று எந்த இடத்தில் நிறுத்துகிறாரோ அங்கே அவர் எப்படிச் சொல்வார் என்று கேட்டு அதையே எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர் சொல்வது நீங்கள் எழுதியதைவிடக் குட்டையாகவே இருக்கும். மாற்றியதை மூலப் பட்டியலிலும் திருத்திவிடுங்கள், எண்ணையும் சேர்த்து.

அடுத்த மாதம் அவர் தக்காளி வடாம் போடும்போது இதே பட்டியலைத் திறப்பீர்கள். மேக வரி அப்படியே உதவும். மூலப்பொருளும் விலையும் மாறும். 'நாலு நாளா நல்ல வெயில்' என்பதை மட்டும் கேட்காமல் திரும்பப் போடாதீர்கள். மே மாதத்தில் சென்னையில் திடீரென்று ஒருநாள் மழை கொட்டியிருக்கலாம், அது வாங்குகிற எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.